மாடிப்படிக்கு அடியில் நிற்கும் ஸ்கூட்டர்

புதுக் கார் எடுக்கும்போது ஷோரூமில் இன்சூரன்ஸ் பேச்சு வந்தால் நம் ஆட்கள் காது கொடுத்துக் கேட்பார்கள். பம்பர் உடைந்தால் முழுப் பணமும் வருமா, டயர் வெடித்தால் தருவார்களா, சாவி தொலைந்துபோனால் என்ன என்று கேள்வி மேல் கேள்வி வரும். ஜீரோ டெப் என்றும் அது இதென்றும் நாலைந்து கூடுதல் பாதுகாப்புகளைச் சேர்த்து, பிரீமியத்தோடு பல ஆயிரங்களைக் கூடுதலாகக் கட்டிவிட்டுத்தான் வெளியே வருவோம். அதே வீட்டின் மாடிப்படிக்கு அடியில் 2020இல் வாங்கிய ஸ்கூட்டர் ஒன்று நிற்கும். பால் வாங்கவும், பிள்ளையை டியூஷனில் விடவும், அவசரத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துப்போகவும் அதுதான். அதன் இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

குடும்பச் சொத்தைக் காக்க நினைப்பவர் முதலில் பார்க்கவேண்டியது அந்த ஸ்கூட்டரைத்தான். பம்பர் போனால் பத்தாயிரம், இருபதாயிரம். கார் முழுசாகப் போனாலும் நஷ்டம் காரின் விலையோடு நின்றுவிடும். வீட்டுக்குள் வெள்ளம் வந்தாலும் உள்ளே இருந்த சாமான்களின் மதிப்புக்கு மேல் போகாது. ஸ்கூட்டர் மோதி ஒருவர் இறந்துவிட்டால் நீங்கள் கொடுக்கவேண்டிய பணத்துக்கு உங்கள் வண்டியின் விலையும் உங்கள் சம்பளமும் கணக்கே இல்லை. இறந்தவரின் சம்பளமும் வயதும் அவரை நம்பியிருந்தவர்களின் எண்ணிக்கையும்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். தாம்பரம் பக்கம் ஒரு தெரு. மாலை நேரத்தில் அண்ணன் மகன், “சித்தப்பா, வண்டியைக் கொஞ்சம் குடுங்க, கடைக்குப் போயிட்டு வந்துடறேன்” என்று சாவியை எடுத்துக்கொண்டு போகிறான். திருப்பத்தில் வேகமாக வந்து, சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒருவர் மேல் மோதிவிடுகிறான். அவருக்கு 34 வயது, சொந்தமாக ஏசி பழுதுபார்க்கும் வேலை, மாதம் 25,000 ரூபாய் வருமானம். மனைவி, இரண்டு குழந்தைகள், வயதான தாய் என்று அவரை நம்பி நான்கு பேர். தலையில் அடிபட்டு இரண்டு நாளில் இறந்துபோகிறார். குடும்பத்தார் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடுகிறார்கள்.

இழப்பீடு எவ்வளவு என்பது நீதிபதி மனதுக்குத் தோன்றுகிற தொகை இல்லை. 2009இல் சர்ளா வர்மா வழக்கிலும், 2017இல் ஐந்து நீதிபதிகள் அமர்ந்த பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படிதான் நாடு முழுக்கக் கணக்கிடுகிறார்கள். மாதம் 25,000 என்றால் ஆண்டுக்கு 3 லட்சம். 40 வயதுக்குள் சுயதொழில் செய்பவர் என்பதால், வருங்காலத்தில் வருமானம் உயர்ந்திருக்கும் என்று 40 சதவீதம் கூட்டுவார்கள். அது 4 லட்சத்து 20 ஆயிரம். உயிரோடு இருந்திருந்தால் தன் செலவுக்கென்று ஒரு பங்கை எடுத்துக்கொண்டிருப்பார் அல்லவா? நான்கு பேர் சார்ந்திருக்கும் குடும்பத்தில் அந்தப் பங்கு கால்வாசி. அதைக் கழித்தால் 3 லட்சத்து 15 ஆயிரம். 31 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கு இந்தத் தொகையை 16ஆல் பெருக்கவேண்டும். 50 லட்சத்து 40 ஆயிரம் ஆகிறது. ஈமச் செலவு, குடும்பத்தார் இழந்த அன்புக்கும் துணைக்குமான தொகை இவையெல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 2 லட்சம். ஆக 52 லட்சம். மனு போட்ட நாளிலிருந்து வட்டி உண்டு. ஆண்டுக்கு 7.5 சதவீதம் என்பது நம் ஊர்த் தீர்ப்புகளில் அடிக்கடி கண்ணில் படும் எண். வழக்கு நான்கு ஆண்டு நடந்தால் வட்டி மட்டும் 15 லட்சத்துக்கு மேல். மொத்தத்தில் 67 லட்சத்தைத் தாண்டுகிறது.

இறந்தவர் ஏசி மெக்கானிக்காக இல்லாமல் மாதம் ஒன்றரை லட்சம் வாங்கும் மென்பொருள் பொறியாளராக இருந்தால் தொகை கோடிகளில் போகும். அவர் மீதும் தவறு இருந்தது என்று நிரூபித்தால் அந்த விகிதத்துக்குக் குறைப்பார்கள். அதற்கு மேல் சட்டத்தில் உச்சவரம்பு என்று ஒன்று கிடையாது.

வண்டிக்கு நடப்பில் உள்ள மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது எல்லோரும் ‘தேர்ட் பார்ட்டி’ என்று சொல்லும் பாலிசி இருந்தால், இந்த 67 லட்சத்தையும் நிறுவனம் கட்டும். உயிரிழப்புக்கும் உடல் காயத்துக்கும் அந்தப் பாலிசியில் தொகை வரம்பு இல்லை. அதற்கு 2022இல் மத்திய அரசு அறிவித்த கட்டணம், 75 முதல் 150 சிசி வரையுள்ள இருசக்கர வாகனத்துக்கு ஆண்டுக்கு 714 ரூபாய், வரி தனி. 1,000 முதல் 1,500 சிசி வரையுள்ள காருக்கு 3,416 ரூபாய். வரம்பே இல்லாத பொறுப்பை இந்த விலைக்கு வேறு யாரும் உங்களுக்காக ஏற்கமாட்டார்கள்.

பாலிசி இல்லை என்றால் தீர்ப்பு உரிமையாளர் மீதும் ஓட்டியவர் மீதும் வரும். பணம் கட்டாவிட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 174ஆம் பிரிவின்படி தீர்ப்பாயம் மாவட்ட ஆட்சியருக்குச் சான்று அனுப்பலாம். அவர் நிலவரி பாக்கியை வசூலிப்பதுபோல அந்தத் தொகையை வசூலிப்பார். இருபது வருடம் தவணை கட்டி வாங்கிய ஃபிளாட்டும், மகள் பெயரில் வாங்கிப்போட்ட மனை போக உங்கள் பெயரில் மிஞ்சியிருக்கும் இடமும் ஜப்திக்குள் வருவது இப்படித்தான். போலீஸ் பிடித்தால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் என்பதை மட்டும் நினைத்துக்கொண்டு ‘பார்த்துக்கலாம்’ என்று விடுகிறவர்கள், அபராதத்துக்குப் பயப்படுகிறார்களே தவிர நிஜ ஆபத்தைப் பார்ப்பதில்லை.

வேண்டுமென்றே பாலிசி எடுக்காதவர்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். பாலிசி இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பவர்களின் நிலைமைதான் சிக்கலானது. 2018 செப்டம்பர் முதல், புது இருசக்கர வாகனத்துக்கு ஐந்து ஆண்டு, புதுக் காருக்கு மூன்று ஆண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை விற்கும்போதே சேர்த்து வாங்கவேண்டும் என்று ஆனது. “அஞ்சு வருஷத்துக்குக் கவலை இல்ல சார்” என்று ஷோரூமில் சொல்லி அனுப்புவார்கள். உண்மைதான். ஆனால் ஐந்து ஆண்டு என்பது மறப்பதற்குப் போதுமான காலம். அதற்குள் கைபேசி எண் மாறியிருக்கும், புதுப்பிக்கச் சொல்லி வரும் குறுஞ்செய்தி பழைய எண்ணுக்குப் போயிருக்கும். 2020இல் வாங்கிய வண்டிகளின் கணக்கு 2025லேயே முடிந்துவிட்டது.

பாலிசித் தாளை எடுத்துப் பார்த்தால் அதில் இரண்டு காலவரம்புகள் இருக்கும். ஒன்று ‘ஓன் டேமேஜ்’, உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு. பெரும்பாலும் ஒரே ஆண்டு. இன்னொன்று ‘லயபிலிட்டி’, பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கு. பார்க்கவேண்டியது இந்த இரண்டாவது தேதி. குறிப்பிட்ட நாளின் நள்ளிரவோடு அது முடிகிறது. மறுநாள் காலை எட்டு மணிக்கு விபத்து நடந்து, பத்து மணிக்கு ஆன்லைனில் பணம் கட்டினால் பயனில்லை. புதுப் பாலிசியில் தொடங்கும் நேரம் மணி நிமிடத்தோடு அச்சாகியிருக்கும், அதற்கு முன் நடந்ததற்கு நிறுவனம் பொறுப்பில்லை.

பாலிசி உயிரோடு இருந்தும் பணம் உங்கள் தலையில் விழுகிற வழிகளும் உண்டு. முதலாவது, நம் கதையில் வந்த அண்ணன் மகன். அவனிடம் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இல்லை என்றால், நிறுவனம் முதலில் இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு அதை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயம் உத்தரவிடலாம். ‘பே அண்ட் ரெக்கவர்’ என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான். 2004இல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நிபந்தனையைத் தெளிவாக்கியது. உரிமையாளர் தெரிந்தே, அல்லது அக்கறையில்லாமல், உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தார் என்று நிறுவனம் நிரூபிக்கவேண்டும். ஆகவே சாவியைக் கொடுக்கும் முன் உரிமத்தை ஒரு தடவை வாங்கிப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்று தயங்கவேண்டாம். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை ஓட்டினால் விஷயம் இன்னும் மோசம். 2019 திருத்தத்தில் சேர்ந்த 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு.

இரண்டாவது, பின்னால் உட்கார்ந்து வருகிறவர். இதைக் கேட்டால் பலரும் நம்பமாட்டார்கள். வெறும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் உள்ள இருசக்கர வாகனத்தில், பின் இருக்கையில் சும்மா ஏறிவந்தவர் காயப்பட்டாலோ இறந்தாலோ அந்தப் பாலிசி அவருக்குப் பொறுப்பேற்காது. திலக் சிங் வழக்கில் 2006லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. காரில் கூட வந்த நண்பருக்கும் அதே கதிதான். சொந்தச் சேதத்தையும் சேர்த்து எடுக்கும் முழுப் பாலிசியில் அவர்கள் அடங்கிவிடுவார்கள். ஆகவே ‘வண்டி பழசாகிவிட்டது, இனி தேர்ட் பார்ட்டி போதும்’ என்று முடிவெடுக்கும்போது வண்டியின் விலையை மட்டும் யோசித்தால் போதாது. அலுவலக நண்பரைத் தினமும் பின்னால் ஏற்றிக்கொண்டு போகிறவர், அவருக்கான பாதுகாப்பு பாலிசியில் இருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளவேண்டும்.

மூன்றாவது, விற்றுவிட்ட வண்டி. ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, ‘பெயர் மாற்றத்தை அவர் பார்த்துக்கொள்வார்’ என்று விடுவது நம் ஊர்ப் பழக்கம். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்பார், அவர் வேறொருவருக்கு. ஆர்டிஓ பதிவேட்டில் உங்கள் பெயர் அப்படியே இருக்கும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் நவீன் குமார் வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. நாலு கை மாறிய அந்த வண்டிக்கு யாரும் பாலிசி புதுப்பித்திருக்கமாட்டார்கள். விற்ற பத்து வருடம் கழித்து நீதிமன்ற நோட்டீஸ் வீடு தேடி வரும். வண்டியைக் கொடுத்ததும் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து, பெயர் மாறிவிட்டதா என்று பரிவாகன் தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

சொந்தக் காரின் சேதத்தை நான் இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். பாலிசியில் ஐடிவி என்று ஒரு தொகை இருக்கும். வண்டி முழுசாகப் போனால் கிடைப்பது அதுதான். ஒன்றிலிருந்து இரண்டு வருட வண்டிக்கு விலையில் 20 சதவீதம் கழித்தும், நான்கிலிருந்து ஐந்து வருட வண்டிக்குப் பாதி கழித்தும் அதைப் போடுவார்கள். பிரீமியத்தைக் குறைக்க ஐடிவியைக் குறைத்துப் போட்டால், கார் திருடுபோன அன்றுதான் அதன் அர்த்தம் புரியும். ஜீரோ டெப் என்பது உதிரிபாகத் தேய்மானத்தைக் கழிக்காமல் தருவது. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குச் சாதாரணப் பாலிசியில் பாதி விலைதான் கிடைக்கும் என்பதால் புது வண்டிக்கு அது நல்லது. இல்லாவிட்டாலும் யாரும் நொடித்துப்போகமாட்டார்கள்.

சென்னைக்காரர்கள் விடக்கூடாத கூடுதல் பாதுகாப்பு ஒன்று உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பள்ளிக்கரணை, வேளச்சேரி பக்கம் கார்கள் மிதந்ததை எல்லோரும் பார்த்தோம். வெள்ளத்தால் வரும் சேதத்துக்குச் சாதாரண முழுப் பாலிசியே பொறுப்பேற்கும். ஆனால் தண்ணீர் வடிந்ததும் ‘ஓடுதா பார்க்கலாம்’ என்று சாவியைத் திருகினால் இன்ஜினுக்குள் போன தண்ணீர் அமுங்காமல் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். இது வெள்ளத்தால் வந்ததில்லை, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்தது என்று நிறுவனம் மறுக்கும். இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாக எடுத்திருந்தால் அது உதவும். ஆனாலும் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, கட்டி இழுத்துப்போவதுதான் முறை.

வீட்டுக்கு வருவோம். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரிப் பாலிசியைத் தரவேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் ஏற்பாடு செய்திருக்கிறது. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், மண்சரிவு, கலவரம், தண்ணீர்த் தொட்டி உடைவது எல்லாம் அதில் அடங்கும்.

தரைத்தள ஃபிளாட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சந்தையில் 70 லட்சம் போகும். ஆனால் காப்பீடு செய்யவேண்டியது 70 லட்சத்துக்கு இல்லை. நிலம் எரியாது, வெள்ளத்தில் போகாது. திரும்பக் கட்ட ஆகும் செலவுதான் கணக்கு. 900 சதுர அடி, சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்றால் 22.5 லட்சம். கட்டடத்துக்குப் பாலிசி எடுத்தால் வீட்டுச் சாமான்களுக்கு அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, பட்டியல் கொடுக்காமலேயே சேர்ந்துவிடும். இங்கே அது 4.5 லட்சம். இடுப்பளவு தண்ணீர் வந்தால் என்னென்ன போகும்? ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டரும் பேட்டரியும், கட்டில்கள், மெத்தைகள், சோபா, மரப் பீரோவும் அதிலிருந்த துணிமணியும். இன்றைய விலைக்கு எழுதிக் கூட்டினால் நடுத்தரக் குடும்பத்தில் மூன்று, நான்கு லட்சம் சுலபமாக வரும். இந்தப் பாலிசியில் சாமான்களுக்குப் பழைய விலை பார்க்காமல் அதே மாதிரிப் புதுப்பொருள் வாங்கும் விலையைத் தருகிறார்கள். 4.5 லட்சத்துக்கு மேல் போகும் என்றால் முன்கூட்டியே பட்டியல் கொடுத்துத் தொகையைக் கூட்டிக்கொள்ளலாம். வாடகை வீட்டில் இருப்பவர் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம்.

முன்பெல்லாம் 20 லட்சம் மதிப்புள்ளதை 10 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால், 4 லட்சம் சேதத்துக்கும் பாதிதான் தருவார்கள். பலர் கோபப்பட்டு, ‘இன்சூரன்ஸ்காரன் ஏமாற்றிவிட்டான்’ என்று சொன்னதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருந்தது. பாரத் கிருஹ ரக்ஷாவில் அந்தக் கழிவு கிடையாது. தொகை குறைவாக இருந்தாலும் அந்தத் தொகை வரை முழுசாகத் தருவார்கள்.

இதில் அடங்காதவையும் இருக்கின்றன. பூட்டை உடைத்துத் திருடுவது சாதாரணமாக இதில் வராது. வெள்ளம், தீ போன்ற ஒன்று நடந்த ஏழு நாளுக்குள் அந்தக் குழப்பத்தில் திருடுபோனால் மட்டும் உண்டு. மற்றத் திருட்டுக்குத் தனிப் பாதுகாப்பு எடுக்கவேண்டும். ரொக்கம் அடங்காது. நகை வேண்டுமென்றால் மதிப்பீட்டுச் சான்றோடு தனியாகச் சேர்க்கவேண்டும். கடன் வாங்கிய வங்கி ‘இன்சூரன்ஸ் போட்டிருக்கிறோம்’ என்று சொன்னால் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பல நேரம் அது கடன் வாங்கியவரின் ஆயுள் காப்பீடாக இருக்கும். வீட்டுக்கு அதனால் ஒரு பலனும் இல்லை.

வீட்டின் வழியாகவும் பிறருக்குப் பொறுப்பு வரும், வண்டி அளவுக்கு இல்லாவிட்டாலும். உங்கள் குளியலறைக் குழாய் உடைந்து கீழ்வீட்டுக் கூரை ஊறினால், நாலாவது மாடியிலிருந்து பூந்தொட்டி விழுந்து யாருக்காவது மண்டை உடைந்தால், வளர்க்கும் நாய் கடித்தால் பணம் உங்களுடையது. பாரத் கிருஹ ரக்ஷா உங்கள் பொருளுக்குத்தான், இவற்றுக்கு வராது. ‘ஹவுஸ்ஹோல்டர்ஸ் பாலிசி’ என்று விற்கும் தொகுப்புகளில் பொதுப் பொறுப்பு, வீட்டு வேலையாளுக்கான பொறுப்பு என்று தனிப் பிரிவுகள் உண்டு. கேட்டால்தான் சேர்ப்பார்கள். தொகை வரம்பு சிறியதாகவே போடுவார்கள், அதைக் கேட்டு உயர்த்தவேண்டும். அடுக்குமாடியில் பொதுச் சுவர், லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் காப்பீடு சங்கத்தின் வேலை. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பெயின்ட் நிறத்துக்கு இரண்டு மணி நேரம் சண்டை போடுகிறவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டு நான் பார்த்ததில்லை.

சேதம் வந்துவிட்டால் செய்யவேண்டியது கொஞ்சம்தான், ஆனால் வரிசை முக்கியம். நிறுவனத்துக்கு அன்றே தகவல் சொல்லி, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளவேண்டும். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி ஒவ்வோர் அறையையும், ஒவ்வொரு சாதனத்தின் மாடல் எண்ணையும் படமெடுக்கவேண்டும். காருக்கு 50,000 ரூபாய்க்கும், வீட்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சேதம் என்றால் சர்வேயர் நேரில் வந்து பார்ப்பார். அவர் வருவதற்குள் நனைந்த மெத்தையையும் ஊதிப்போன கட்டிலையும் மாநகராட்சி லாரியில் ஏற்றிவிட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. நாற்றம் தாங்காமல் வெளியே போட்டே ஆகவேண்டும் என்றால், சர்வேயரின் வாட்ஸ்அப்புக்குப் படத்தை அனுப்பி, ‘அகற்றலாம்’ என்று அவரிடம் ஒரு வரி பதில் வாங்கிக்கொண்டு அகற்றுங்கள்.